தக்காளி நூறைத் தாண்டிய மாதம்

தாம்பரம் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சின்ன டிபன் கடை நடத்துகிறோம். காலையில் இட்லி, தோசை. மதியம் கலந்த சாதம். சாயந்திரம் பரோட்டா. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது நாங்கள் சமாளித்த விதத்தை எழுதுகிறேன். முதலில் செய்த தப்பையும் சேர்த்துத்தான்.

அந்தச் சமயத்தில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசாங்கம் தக்காளி விற்றது. அது வீடுகளுக்குச் சரி. தினமும் 12 கிலோ போடுகிற கடைக்கு அது எந்த மூலைக்கு? 25 ரூபாய் விலையில் அந்த 12 கிலோவுக்கு 300 ரூபாய் ஆகும். 120 ஆனதும் 1,440. ஒரு நாள் முழுக்க அடுப்படியில் நின்றால் எங்களுக்கு மிஞ்சுவதே 1,500 சொச்சம்தான்.

பதறிப்போய் முதல் நாள் தக்காளிச் சட்னியில் பாதி பரங்கிக்காயை வேகவைத்து அரைத்துப் போட்டேன். நிறம் குறையாமல் இருக்கக் காஷ்மீர் மிளகாய், புளிப்புக்குக் கொஞ்சம் புளி. பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் தினமும் இரண்டு இட்லி சாப்பிடும் ரிட்டயர்டு வாத்தியார் ஒரு விள்ளல் தொட்டதுமே, "என்னம்மா, சட்னி இனிக்குது?" என்றார். நான் ஏதோ மழுப்பினேன். அன்று தட்டு கழுவும்போது பார்த்தால் எல்லாத் தட்டிலும் சட்னி அப்படியே கிடந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து, 12 கிலோவும் எதெதற்குப் போகிறது என்று எழுதிப் பார்த்தோம். சட்னிக்கு 5, தக்காளி சாதத்துக்கு 3, சாம்பாருக்கு 2, சால்னாவுக்கு ஒன்றரை, ரசத்துக்கு அரை. சாம்பாரிலும் ரசத்திலும் கைவைத்து மிச்சம் பிடிப்பது அற்பம், ருசி போவதுதான் அதிகம் என்று அப்போதுதான் உறைத்தது. எட்டு கிலோ சட்னியிலும் தக்காளி சாதத்திலும் இருந்தது.

தக்காளி சாதத்தை நிறுத்திவிட்டு அதே விலைக்கு எலுமிச்சை சாதம் போட்டோம். தினமும் போட்ட தக்காளிச் சட்னிக்குப் பதிலாக வேர்க்கடலைச் சட்னி. தக்காளி இல்லாமல் தோசை இறங்காது என்கிறவர்களுக்காக ஒன்றரை கிலோவில் கொஞ்சமாகப் பூண்டுக் காரச் சட்னி அரைத்து, கேட்டால் மட்டும் சின்னக் கரண்டியில் ஒன்று. கரண்டி விஷயம் சாதாரணமில்லை. பழைய கரண்டியில் இரண்டு ஊற்றினால் பாதி தட்டிலேயே நிற்கும். சின்னதில் ஒன்று ஊற்றி, கேட்டால் மறுபடி ஊற்றினால் யாரும் அளவைக் குறைத்ததாக நினைப்பதில்லை, குப்பைக்கும் போவதில்லை. ஆனால் கேட்டபோது முகம் சுளிக்காமல் ஊற்ற வேண்டும். சப்ளை பையனுக்கு இதைப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது.

இப்படி 12 கிலோ ஐந்தரைக்கு வந்தது. வேர்க்கடலைச் செலவையும் சேர்த்தால் வழக்கத்தைவிட நாளுக்கு நானூறு ரூபாய் போலக் கூடுதல். ஒரு மாதம் தாங்கலாம்.

வாங்குவதிலும் ஒரு பாடம் கிடைத்தது. விலை ஏறின நேரத்தில் பெட்டியின் மேல் அடுக்கு மட்டும் பளபளவென்று இருக்கும். 14 கிலோ பெட்டி 1,400 ரூபாய் என்று வாங்கிவந்து கொட்டினால் அடியில் இரண்டு கிலோ நசுங்கி, அழுகி நாறும். அப்போது கிலோ நூறு இல்லை, 117. அதன்பிறகு ஐந்து ரூபாய் கூடக் கொடுத்தாலும் பொறுக்கி எடுத்த காயாகத்தான் வாங்கினோம்.

விலையைப் பொறுத்தவரை இட்லி, தோசையைத் தொடவே இல்லை. பக்கத்துக் கடையோடு ஜனங்கள் ஒப்பிடுவது அதைத்தான். தக்காளி ஊத்தப்பம் மட்டும் 50-லிருந்து 60. பலகையில் "தக்காளி விலை இறங்கும் வரை" என்று எழுதிவைத்தேன். 2019 கடைசியில் வெங்காயம் ஏறியபோது வெங்காய ஊத்தப்பத்துக்கும் இப்படி ஏற்றினோம், ஆனால் வெங்காயம் இறங்கிய பிறகும் விலையை இறக்க மறந்துபோனோம். அந்தப் பேச்சை ஆட்டோ ஸ்டாண்டில் ரொம்ப நாள் கேட்டேன். அதனால் இந்த முறை ஆகஸ்டில் விலை இறங்கத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பலகையை அழித்து 50 என்று எழுதினேன்.

வாத்தியாரிடம் மறுநாளே உள்ளதைச் சொல்லிவிட்டேன். "சார், நேத்து பரங்கிக்காய் போட்டேன், இனி போடமாட்டேன்." அவர் சிரித்துவிட்டு வேர்க்கடலைச் சட்னி கேட்டு வாங்கினார். தக்காளி இறங்கிய பிறகும் அதையே கேட்கிறார், அதனால் செவ்வாய், வெள்ளி இப்போதும் அரைக்கிறேன். பரங்கிக்காய் நாளில் நாலு பேருக்குப் பார்சல் வாங்கிப்போன ஒரு குடும்பம் மட்டும் அப்புறம் வரவே இல்லை.