பி.எப். பாஸ்புக்கில் பென்ஷன் பூஜ்யம்: எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்

கொரோனா சமயத்தில், 2020 ஆகஸ்டில், முன்பணம் எடுக்கலாமா என்று பார்க்கத்தான் பி.எப். பாஸ்புக்கைத் திறந்தேன். பென்ஷன் என்று போட்டிருந்த கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். கோவையில் மோட்டார் பம்பு தொழிற்சாலையில் 2006 ஜூனிலிருந்து 2011 பிப்ரவரி வரை, அப்புறம் ஓசூரில் 2011 ஏப்ரலிலிருந்து 2017 மே வரை வேலை பார்த்தவன் நான். 2017 ஜூனில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வந்து சேர்ந்தேன். கிட்டத்தட்ட 11 வருடத்துப் பென்ஷன் எங்கே போனது என்று தலை சுற்றியது.

பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாஸ்புக்கில் இருந்தது இரண்டு வகைப் பூஜ்யம். ஒன்றால் எந்தக் கெடுதலும் இல்லை. இன்னொன்று அப்படியே விட்டிருந்தால் என் ஓய்வூதியத்தில் பெரும்பகுதியை விழுங்கியிருக்கும்.

முதல் பூஜ்யம், பழைய கம்பெனியிலிருந்து பணம் மாறி வந்த வரியில் இருந்தது. என் பங்கு வந்திருந்தது, முதலாளி பங்கும் வந்திருந்தது, பென்ஷன் மட்டும் 0. பி.எப். அலுவலகத்தில் இதையே நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். பி.எப். என்பது நம் பெயரில் சேரும் சேமிப்பு. 1995-ல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம், அதாவது இ.பி.எஸ்., அப்படி இல்லை. அந்தப் பணம் எல்லோருக்கும் பொதுவான நிதியில் சேர்கிறது. நம் பெயரில் கணக்கில் நிற்பது எத்தனை வருடம் சர்வீஸ், என்ன சம்பளம் என்பது மட்டும்தான். 58 வயதில் அவற்றை வைத்தே ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. அதனால் வேலை மாறும்போது பணம் நகர்வதில்லை, சர்வீஸ்தான் நகர்கிறது.

சர்வீஸ் வந்து சேர்ந்ததா என்று பார்க்க அனெக்சர் கே என்ற தாளைக் கேட்டு வாங்கினேன். ஓசூர் கம்பெனி, ஊழியர்களின் பி.எப். பணத்தைத் தானே பராமரிக்கச் சொந்தமாக பி.எப். டிரஸ்ட் வைத்திருந்த இடம். அப்படிப்பட்ட இடங்களிலும் பென்ஷன் பங்கு அரசு பி.எப். அலுவலகத்துக்குத்தான் போகும். ஆனால் பணத்தை மாற்றி அனுப்பும்போது இந்தத் தாளை டிரஸ்ட் தயாரித்துத் தர வேண்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, சம்பளம் இல்லாமல் விடுப்பு எடுத்த நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். அந்த விடுப்பு நாட்கள் சர்வீஸிலிருந்து கழியும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். என் தாளில் கோவை சர்வீஸும் முந்தைய சர்வீஸாகப் பதிவாகியிருந்தது. மொத்தம் 10 வருடம் 11 மாதம். நிம்மதி.

இரண்டாவது பூஜ்யம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியின் மாதாந்திர வரிகளில் இருந்தது. அங்கே பி.எப். 15,000 ரூபாய்க்குக் கணக்கிட்டுத்தான் பிடிக்கிறார்கள். என் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். முதலாளியும் அதே 1,800 போட வேண்டும். அதில் 8.33 சதவீதமான 1,250 பென்ஷனுக்கும், மீதி 550 பி.எப்.புக்கும் போக வேண்டும். என் பாஸ்புக்கில் முதலாளி பங்கு முழு 1,800, பென்ஷன் 0. 2017 ஜூன் சம்பளம் முதல் 2020 ஜூலை சம்பளம் வரை, 38 மாதமும் அப்படியே. யு.ஏ.என். தளத்தில் View, அதற்குள் Service History போய்ப் பார்த்தேன். இந்தக் கம்பெனிக்கு நேரே பி.எப்.பில் சேர்ந்த நாளைக் காட்டும் DOJ EPF தேதி இருந்தது, இ.பி.எஸ்.-ல் சேர்ந்த நாளைக் காட்டும் DOJ EPS தேதி இல்லை. சந்தேகமே இல்லாமல் போய்விட்டது.

எச்.ஆர்.-ல் கேட்டேன். "சார், உங்க சம்பளம் 15,000-க்கு மேல. 2014-க்கு அப்புறம் சேர்றவங்களுக்கு பென்ஷன் கிடையாது" என்றார்கள்.

இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. 2014 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதல்முறையாக பி.எப். உறுப்பினராகி, அப்போதே 15,000-க்கு மேல் சம்பளம் வாங்குகிறவருக்கு இ.பி.எஸ். இல்லை. ஏற்கெனவே இ.பி.எஸ்.-ல் இருப்பவர் எந்தச் சம்பளத்தில் வேலை மாறினாலும் உறுப்பினராகத் தொடர்கிறார். நான் 2006-லிருந்து உறுப்பினர். புது வேலையில் சேரும்போது கொடுக்கிற ஃபார்ம் 11-ல், முன்பே ஓய்வூதியத் திட்டத்தில் இருந்தீர்களா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு ஆம் என்றுதான் குறித்துக் கொடுத்திருந்தேன். சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புது ஆளாகப் பதிந்திருக்கிறார்கள்.

"உங்களுக்குத்தான் 10 வருஷம் ஆயிடுச்சே, பென்ஷன் எப்படியும் வரும்" என்று இன்னொருவர் ஆறுதல் சொன்னார். வரும்தான், எவ்வளவு வரும் என்பதல்லவா கேள்வி? கணக்கு இதுதான்: சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500, அதற்குப் பிறகு 15,000. முதல் பகுதியில் எனக்கு 8 வருடம் 2 மாதம். அதற்குச் சுமார் 758 ரூபாய். ஓசூரில் மீதமிருந்த 2 வருடம் 9 மாதத்துக்குச் சுமார் 589. இந்தக் கம்பெனியில் இ.பி.எஸ். இல்லாமலே போயிருந்தால் 58 வயதில் மாதம் 1,350 ரூபாயோடு சரி. 2042-ல் எனக்கு 58 ஆகும்வரை இ.பி.எஸ். தொடர்ந்தால், உச்சவரம்பு இதே 15,000 ஆக நின்றாலும், 6,700 ரூபாய்க்குக் குறையாது. 20 வருட சர்வீஸ் முடித்து 58-ல் ஓய்வு பெறுகிறவருக்குக் கணக்கில் கூடுதலாக 2 வருடம் சேர்த்துக் கொடுப்பார்கள். அது தனி.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, அனெக்சர் கே நகல், ஃபார்ம் 11 நகல், Service History அச்சு எல்லாம் இணைத்துக் கம்பெனிக்கு மனு கொடுத்தேன். முதலில் இழுத்தார்கள். கூடுதலாகப் பணம் கட்டச் சொல்வார்களோ என்ற பயம்தான் காரணம் என்று பேசும்போது புரிந்தது. அவர்கள் மாதம் கட்ட வேண்டியது 1,800, கட்டியதும் 1,800. தவறான கணக்குக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். பி.எப். அலுவலகம் அதை 1-ஆம் எண் கணக்கிலிருந்து பென்ஷனுக்கான 10-ஆம் எண் கணக்குக்கு மாற்ற வேண்டும். இதைச் சொன்னதும் மாதவாரியாகச் சம்பளப் பட்டியல் போட்டு அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினார்கள். அங்கே நகராமல் கிடந்தபோது EPFiGMS தளத்தில் புகார் பதிந்தேன். புகார் எண்ணோடு நேரில் போனபோதுதான் கோப்பு மேசைக்கு வந்தது.

திருத்தம் நடந்தால் பி.எப். இருப்பு குறையும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 38 மாதத்துக்கு 1,250 வீதம் 47,500 ரூபாயும், அதற்கு வரவு வைத்த வட்டியும் என் பி.எப்.பிலிருந்து கழிந்தன. அந்தப் பணத்துக்கு ஈடாக வந்தது 3 வருடம் 2 மாத சர்வீஸ், அதாவது 58-க்குப் பிறகு ஆயுள் முழுக்க மாதம் சுமார் 680 ரூபாய். ஆறே வருடத்தில் அசல் திரும்பிவிடும்.

என் நண்பர் ஒருவருக்கு இந்த வழி இல்லை. 6 வருட சர்வீஸில் வேலை போனபோது ஃபார்ம் 10சி போட்டுப் பென்ஷன் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார். அத்தோடு உறுப்பினர் தகுதி முடிந்துபோனது. அடுத்த வேலை 15,000-க்கு மேல் என்பதால் அவர் பாஸ்புக்கில் இருக்கும் பூஜ்யம் சரியான பூஜ்யம்தான். அதே ஃபார்ம் 10சி-யில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்ட்டிபிகேட் கேட்டிருந்தால் அந்த 6 வருடம் அப்படியே நின்றிருக்கும். இதை அவருக்கு அன்று யாரும் சொல்லவில்லை.

வேலை மாறுகிறவர்கள் புது இடத்தில் முதல் மாதச் சந்தா ஏறியதுமே பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். 1,250 இருக்க வேண்டிய இடத்தில் 0 இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். ஒரு மாதப் பிழையை அடுத்த பட்டியலிலேயே சரிசெய்யச் சொல்லிக் கேட்கலாம். எனக்கு 38 மாதத்தையும் வட்டியோடு பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.