பின்கதவு

ஜூன் 1, ஞாயிறு

நாளை ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, 43 பேர். முதல் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியவற்றை எழுதிப் பார்த்ததில் பதினொரு விதிகள் சேர்ந்தன. அவற்றில் ஒன்பது 'கூடாது' என்றே முடிந்தன. வாய்விட்டுப் படித்தபோது காவல் நிலையத்து அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் மூன்றை மட்டும் புதிதாக எழுதிக்கொண்டேன்.

இரவு. காட்பாடி முழுவதும் மின்சாரம் இல்லை.

ஜூன் 2, திங்கள்

பெயரையும் பாடத்தையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, சத்தம் தானாக அடங்கும்வரை பேசாமல் நின்றேன். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும், ஆனாலும் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்க வேண்டும், நான் பேசும்போது மட்டுமல்ல, என்றேன். லத்தேரிப் பக்கத்திலிருந்து வரும் டவுன் பஸ் அவர்கள் கையில் இல்லை என்பதால், தாமதமாக வருபவர்கள் அனுமதி கேட்காமல் பின்கதவு வழியாக வந்து உட்காரலாம், விட்டுப்போனதைப் பாடம் முடிந்தபின் என்னிடம் கேட்கலாம் என்றேன். வீட்டுப்பாடத்தில் சிக்கிக்கொண்டால் சிக்கிய வரியில் ஒரு வட்டம் போட்டு, நோட்டை அப்படியே கொண்டுவரச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "செய்யலைன்னா என்ன பண்ணுவீங்க மிஸ்?"

"சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் என்னோடு உட்கார்ந்து செய்யலாம்" என்றேன். அவன் பெரிதாக எதையோ எதிர்பார்த்து ஏமாந்ததுபோல் உட்கார்ந்தான்.

பிரம்பை முதல் நாளே மேசைமேல் வைத்துவிடும்படி மூத்த ஆசிரியை ஒருவர் அறிவுறுத்தினார். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பது அவருக்கும் தெரியும். என் கணக்கு வேறு: சொன்ன மிரட்டலை நிறைவேற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சொல்லையும் நம்பமாட்டார்கள், 43 பேரிடம் நிறைவேற்ற என்னால் முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

மூன்று உறுப்புகள் கொண்ட கணத்தின் உட்கணங்களை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண் ஏழு எழுதி, எட்டாவது கிடைக்காமல் வெற்றிடத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். விடையே வெற்றுக்கணம்தான். அந்த வட்டம் இல்லாவிட்டால், ஏழு போதும் என்று நினைத்தாளா, ஒன்று குறைவதை உணர்ந்தாளா என்பது எனக்குத் தெரிந்திருக்காது. ஏழு நோட்டுகளில் எதுவுமே இல்லை. மதியம் மூவர் வந்தார்கள், கடைசி பெஞ்சுக்காரன் வரவில்லை.

ஜூன் 4, புதன்

பஸ் தாமதம். ஒரு மாணவன் முன்வாசலில் நின்று, "மே ஐ கமின் மிஸ்?" என்றான். பின்கதவு வழியாக வரலாம் என்று சொன்னேனே என்று சற்று அழுத்தமாகவே கேட்டுவிட்டேன். "அது தொறக்காது மிஸ், போன வருஷமே துருப்பிடிச்சுடுச்சு" என்றது வகுப்பு. இரண்டு நாட்களாக எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் சொல்லவில்லை. கதவைப் பார்க்காமல் பேசியது என் தவறு என்று அவர்களிடம் சொன்னேன். முன்வாசல் வழியாகவே சத்தமின்றி வரலாம் என்று மாற்றினேன்.

ஜூன் 5, வியாழன்

தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கடைசிப் பாடவேளை, வெயில், மூலையில் ஓயாத பேச்சு. அரை நிமிடம் காத்து நிற்கும் பொறுமை இன்று இல்லை. "ஹெச்.எம்.மிடம் அனுப்பிவிடுவேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. யாரை என்று எனக்கே தெரியவில்லை. கடைசி பெஞ்சுக்காரன் மெதுவாகத் தலையாட்டினான், இதைத்தான் திங்கள்கிழமை கேட்டேன் என்பதுபோல.

ஜூன் 8, ஞாயிறு

நாளை அந்த மிரட்டலைத் திரும்பப் பெறும் வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிவிட்டேன்; நான்கிலும் 'ஆனால்' வருகிறது.