ஞாயிற்றுக்கிழமையும் வாந்தி எடுத்தாள்

மூன்று வாரம் வயிற்றுக்கு மருந்து கொடுத்தோம். கோளாறு இருந்ததோ தலையில்.

என் மகளுக்கு ஏழு வயது. எழும்போதே தலையைப் பிடித்துக்கொள்வாள். பல் துலக்குவதற்குள் வாந்தி. எட்டரை மணிக்கு வலி போய் இட்லி கேட்பாள். நாங்கள் ஏமாந்தது அங்கேதான். முதல் மருத்துவர் அஜீரணம் என்றார். இரண்டாமவர், பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று சிரித்தார். ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிறாளே என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. பிறகு எழுத்து மங்குகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்துக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்.

மங்கல் குறையாததால் கண் மருத்துவரிடம் போனோம். அவர் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிந்த பிறகு உள்ளே பார்த்தார். இரு கண்களிலும் பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தது. "கண்ணாடியை விடுங்கள், இன்றே தலைக்கு ஸ்கேன்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தை ஆட்டோவிலேயே விட்டுவிட்டேன். அவசரப் பிரிவில் பணி மருத்துவர் டார்ச் அடித்தார். இரண்டு பாப்பாவும் விரிந்தபடியே நின்றன, சுருங்கவில்லை. அவர் முகம் மாறிவிட்டது. மூளை நசுங்கும்போதும் அப்படி ஆகுமாம். மகளோ தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாள். சொட்டு மருந்து என்று எனக்குச் சொல்லவே நா எழவில்லை. பிறகு கண் மருத்துவமனைக்குப் போன் போட்டு, மருந்தின் பெயரையும் விட்ட நேரத்தையும் அவரிடமே சொல்ல வைத்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. கண்ணில் மருந்து விட்டிருந்தால் உள்ளே நுழைந்ததும் அதை முதலில் சொல்லுங்கள்.

பணி மருத்துவர் ஏன் அவ்வளவு பதறினார் என்று இரவில் நரம்பியல் அறுவை மருத்துவர் விளக்கினார். மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், மூளையில் நாள் முழுக்கச் சுரக்கும் நீர். நீர் வடியும் குறுகிய வழி அடைபட்டால் அழுத்தம் ஏறும். படுத்திருக்கையில் தலையிலிருந்து இரத்தம் இறங்குவது மந்தமாகும். தூக்கத்தில் மூச்சு மெலிவதால் கரியமில வாயு கூடி மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். அதனால்தான் வலி விடியலில் உச்சத்துக்குப் போய், எழுந்து நடமாடியதும் தணிகிறது. அழுத்தம் மேலும் ஏறினால், மண்டையின் அடித் துளை வழியாக மூளை கீழே பிதுங்கி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டை நசுக்கிவிடும். ஸ்கேன் பார்க்காமல் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்காததும் இதே பயத்தால்தான்: கீழே அழுத்தம் குறைந்தால் மேலிருப்பது இறங்கிவிடலாம்.

ஸ்கேனில் சிறுமூளையில் ஒரு கட்டி தெரிந்தது. அன்றிரவே நீருக்கு வழி திறந்தார்கள். நான்காம் நாள் கட்டியை எடுத்தார்கள். மெதுவாக வளரும் வகையாம். மறுநாள் காலை தலை வலிக்கிறதா என்று கேட்டேன். தையல்தான் வலிக்கிறது என்றாள்.

அடுத்த எம்.ஆர்.ஐ. மூன்று மாதம் கழித்து. கண்ணாடிக் கடையில் பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம்.