அறுபது வினாடிப் படமும் ஒரு பிளாஸ்டிக் குடமும்

விளம்பரங்களுக்குக் கார்ட்டூன் வரைந்து பிழைப்பவன் நான். பொதுத்தேர்வுப் பயத்தைப் பற்றி ஒரு நிமிட அனிமேஷன் படம் வேண்டும் என்று ஒரு பள்ளியில் கேட்டார்கள். காசு கிடையாது, டீ உண்டு. சரி என்றேன். ஆனால் ஒரு நிபந்தனை: படத்துக்கு உவமை ஒன்றே ஒன்றுதான். துரத்துகிற கடிகாரம், மலை மாதிரி புத்தகம், வாயைப் பிளக்கும் முதலை என்று தலைமையாசிரியர் ஒரு பட்டியலே வைத்திருந்தார். அறுபது வினாடியில் மூன்றையும் காட்டினால் முதலை மட்டும்தான் சார் ஞாபகம் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். முதலையை விட அவருக்கு மனசே இல்லை.

‘தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டான்’ என்று எங்கம்மா அடிக்கடி சொல்லுவார். அதைப் பிடித்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பெண், தலையில் ஒரு அம்மிக்கல். யார் என்ன கேட்டாலும் கல் கொஞ்சம் பெரிதாகும். முக்கியமான படங்களை மட்டும் கோட்டோவியமாக வரிசையாக ஓடவிட்டு, பத்தாவது படிக்கும் என் மகளிடம் காட்டினேன்.

“என்னப்பா இது, சோப்பா?”

எங்கள் வீட்டில் மிக்ஸிதான். அவள் அம்மியைக் கிட்டே பார்த்ததே இல்லை. சரியென்று கேஸ் சிலிண்டரை வைத்தேன். சிவப்பு நிறம், ஒரு நொடியில் அடையாளம் தெரியும், கனமும் எல்லோருக்கும் தெரியும். “எப்ப வெடிக்கும்?” என்றாள். படம் முடியும்வரை அதற்காகவே காத்திருந்தாள். ஒரு பொருளை வைத்தால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கதையும் கூடவே வந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் பிளாஸ்டிக் குடம். தெருவில் வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் பேச்சே இல்லை. ‘நான் ஒரு டம்ளர்தானே ஊற்றினேன்’ என்கிற முகம் மட்டும். பதினைந்து லிட்டர் குடம், இருநூறு மில்லி டம்ளர் என்று கணக்குப் போட்டால் எழுபத்தைந்து பேர் ஊற்ற வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஒரே கல்யாணத்தில் நிறைந்துவிடும்.

குடத்துக்குள் தண்ணீர் எவ்வளவு என்று வெளியே தெரியாதே என்று ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் குழாயடியில் விடை கிடைத்தது. குடம் நிறைய நிறையச் சத்தத்தின் சுருதி மேலே ஏறும். குழாயடியில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்காமலே குடம் நிறைந்ததைச் சொல்லிவிடுவார்கள். போனில் அதையே பதிவுசெய்து ஒவ்வொரு டம்ளருக்கும் வெட்டி ஒட்டினேன்.

அப்புறம் நடை. வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் வினாடிக்குப் பன்னிரண்டு, மொத்தப் படத்துக்கு 720 ஓவியம். பாதிக்கு மேல் வரைந்து முடித்த பிறகு மகள் எட்டிப் பார்த்தாள். “காலிக் குடத்தோட நடக்கற மாதிரி இருக்கே.” சரியாகத்தான் சொன்னாள். குடத்தைப் பெரிதாக வரைந்தால் கனம் வந்துவிடாது, அதைச் சுமக்கிற உடம்பில்தான் வரவேண்டும். காலிக் குடத்தோடு போகிறவளின் தலை ஒவ்வொரு அடிக்கும் மேலும் கீழும் ஆடும். நிறைகுடம் என்றால் தலை ஆடாது, கழுத்து விறைத்து நிற்கும், முழங்கால் முழுசாக நிமிராது. பன்னிரண்டு ஃபிரேமில் வைத்த ஒரு அடியை இருபதாக்கினேன். அவள் நின்ற பிறகும் இரண்டு ஓவியத்துக்குத் தண்ணீர் தளும்பிக் கொஞ்சம் முகத்தில் வழியவிட்டேன். சொந்தக் காசில் தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டு எல்லா நடையையும் திரும்ப வரைந்தேன்.

முடிவில் அவள் குடத்தைத் தூக்கிப் போட்டு உடைப்பதாக வைத்திருந்தேன். “உடைச்சுட்டா பரீட்சை கேன்சலா?” என்று கேட்டாள் மகள். அதுவும் நியாயம்தான். தலையில் நிறைகுடம் இருந்தால் தனி ஆளாக இறக்குவது கஷ்டம், ‘ஒரு கை பிடிங்க’ என்று கூப்பிடுவார்கள். அதையே வைத்தேன். அம்மா வருகிறாள், டம்ளரைக் கீழே வைக்கிறாள், குடத்தின் கழுத்தைப் பிடிக்கிறாள். இரண்டு பேருமாக இறக்கித் திண்ணையில் வைக்கிறார்கள். தண்ணீர் அப்படியே இருக்கிறது, பெண்ணின் கழுத்து மட்டும் ஒரு சுற்று சுற்றுகிறது.

முடிந்த படத்தை நேற்று ராத்திரி மகளுக்குப் போட்டுக் காட்டினேன். கடைசிக் காட்சியில் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எப்படி?” என்றேன்.

“சூப்பர்ப்பா.”

“ஆமா, நாளைக்குக் கணக்கு ரிவிஷன் டெஸ்ட்டாமே, வடிவியல் முடிச்சிட்டியா?”

ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டுகொண்டு வந்து, என் கீபோர்டுக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.