ஒரே 3.3, ஆனால் ஒருவருக்கு 5-ஆம் இடம், இன்னொருவருக்கு 6-ஆம் இடம்: எக்செல்லில் ரேங்க் போட்ட அனுபவம்

முடிவுப் பட்டியலை அனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, 105-ஆம் எண் போட்டியாளரிடமிருந்து செய்தி வந்தது. "எனக்கும் 103-க்கும் மொத்தம் ஒன்றுதானே போட்டிருக்கிறீர்கள், அவருக்கு 5 என்றால் எனக்கு ஏன் 6?" பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் 3.3. கேட்டது முழுக்க நியாயம். ஆனால் ரேங்க்கை நான் கையால் போடவில்லை, `RANK.EQ` போட்டது, அதே பட்டியலில் 4.2 வாங்கிய இரண்டு பேருக்கு அது ஒழுங்காக 2, 2 என்று கொடுத்திருந்தது. ஒரு சமனைக் கண்டுகொண்ட ஃபார்முலா இன்னொரு சமனை எப்படி விட்டது என்று புரியவே ஒரு மாலை முழுக்கப் போனது. இதே சிக்கலில் மாட்டுகிறவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எட்டுப் போட்டியாளர்கள், இரண்டு சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் 2.5 மதிப்பெண். B, C நெடுவரிசைகளில் சுற்று மதிப்பெண்கள், D-யில் கூட்டல், E-யில் ரேங்க்.

```
A     B     C     D
101   2.2   2.0   4.2
102   2.4   2.2   4.6
103   1.1   2.2   3.3
104   2.0   1.9   3.9
105   1.5   1.8   3.3
106   2.1   2.1   4.2
107   1.4   1.4   2.8
108   1.2   1.0   2.2
```

முதல் தடவை நான் போட்டதே வேறு தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். E2-வில் `=RANK.EQ(D2,D2:D9)` என்று எழுதிக் கீழே இழுத்துவிட்டேன். டாலர் குறி போடாததால் ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் ஒப்பிடும் பகுதியும் கூடவே ஒரு படி இறங்கியது. அடுத்த வரிசையில் D3:D10, அதற்கடுத்து D4:D11. கடைசி வரிசைக்கு வரும்போது 108-ஐ ஒப்பிட அவருக்குக் கீழே காலி செல்கள் மட்டும்தான் மிச்சம், அதனால் எல்லோரையும் விடக் குறைந்த 2.2 வாங்கியவருக்கு முதலிடம். மொத்தம் நான்கு பேருக்கு 1 விழுந்திருந்தது. இந்தத் தப்பு ஒரு பார்வையிலேயே மாட்டிவிடும், கீழே போகப் போக ரேங்க் சின்னதாகிக்கொண்டே வந்தால் டாலர் விட்டுப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரியானது இது:

```
=RANK.EQ(D2,D$2:D$9)
```

இதைப் போட்டதும் 102-க்கு 1, 101-க்கும் 106-க்கும் 2, 104-க்கு 4 என்று அழகாக வந்தது. மேலே நான்கு பேரைச் சரிபார்த்த திருப்தியில் கீழே பார்க்காமல் அனுப்பிவிட்டேன். 103-க்கு 5, 105-க்கு 6 என்று அங்கே உட்கார்ந்திருந்தது.

செய்தி வந்தபின் முதலில் சந்தேகப்பட்டது, D-யில் ஒன்று 3.28 ஆகவும் இன்னொன்று 3.32 ஆகவும் இருந்து, காட்டும்போது மட்டும் 3.3 என்று தெரிகிறதோ என்று. செல் வடிவமைப்பில் தசம இடங்களைக் கூட்டிக்கொண்டே போனேன். இரண்டிலும் 3.3-க்குப் பிறகு பூஜ்யங்கள்தான், இருபது இடம் வரை போனாலும் பூஜ்யங்கள்தான். சரி, ஃபார்முலாவிலேயே கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு காலி செல்லில் `=D4=D6` போட்டேன், TRUE என்றது. `=D4-D6` போட்டேன், 0 என்றது. எக்செல்லே இரண்டும் சமம் என்று சொல்கிறது, ஆனால் ரேங்க் மட்டும் வேறு. அப்போதுதான் எப்போதோ கேள்விப்பட்டிருந்த ஒரு சோதனை நினைவுக்கு வந்தது, அதே கழித்தலை அடைப்புக்குறிக்குள் போட்டுப் பார்ப்பது:

```
=(D4-D6)
```

விடை 4.44E-16. அதாவது தசமப் புள்ளிக்குப் பிறகு பதினைந்து பூஜ்யம் போட்டு, அப்புறம் 444. 103-இன் மொத்தம் அந்த நூலிழை அளவுக்குக் கூடுதலாக இருந்திருக்கிறது.

காரணம் இதுதான். கணினி எண்களை இரண்டடிமான முறையில் வைத்திருக்கிறது. நம் பத்தடிமான முறையில் மூன்றில் ஒரு பங்கை 0.3333 என்று எவ்வளவு எழுதினாலும் முடியாதது போல, 1.1, 2.2 மாதிரி எண்களை இரண்டடிமானத்தில் முழுசாக எழுத முடியாது, மிக நெருங்கிய ஓர் எண்ணைத்தான் வைத்துக்கொள்ள முடியும். 1.1-ம் 2.2-ம் உள்ளே ஒரு துளி கூடுதலாகவே இருக்கின்றன, இரண்டையும் கூட்டினால் அந்தத் துளிகளும் கூடி, 3.3 என்று நேரடியாகத் தட்டினால் எந்த எண் உள்ளே போகுமோ அதற்கு அடுத்த எண்ணில் போய் நிற்கிறது. 1.5-ம் 1.8-ம் கூட்டினால் சரியாக அந்த 3.3-இலேயே நிற்கிறது. 2.2 + 2.0-ம் 2.1 + 2.1-ம் ஒரே எண்ணில் போய் முடிந்தது வெறும் தற்செயல், அதனால்தான் மேலே இருந்த சமன் ஒழுங்காக வந்தது.

எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், அதனால் வடிவமைப்பை எவ்வளவு நீட்டினாலும் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. சமக்குறி போட்டு ஒப்பிடும்போதும், கடைசியாகக் கழிக்கும்போதும் இவ்வளவு சின்ன வித்தியாசத்தை அது கண்டுகொள்வதில்லை. அடைப்புக்குறி போட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. ரேங்க் ஃபார்முலாவுக்கும் அந்தச் சலுகை கிடையாது, உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே ஒப்பிடுகிறது.

தீர்வு ஒரு வரிதான். ரேங்க் ஃபார்முலாவைத் தொடவே வேண்டாம், D-யில் கூட்டும் இடத்திலேயே முழுமையாக்கிவிட வேண்டும்:

```
=ROUND(B2+C2,1)
```

மதிப்பெண்கள் ஒரு தசம இடம் வரைதான் இருந்தன, அதனால் 1. இதை D முழுக்க இழுத்ததும் 103, 105 இரண்டு பேருக்கும் 5 வந்தது, 107-க்கு 7, 108-க்கு 8. செல் வடிவமைப்பில் ஒரு தசம இடம் என்று வைப்பதும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். வடிவமைப்பு முகத்தை மட்டும் மாற்றும், `ROUND` எண்ணையே மாற்றும், ரேங்க் பார்ப்பது எண்ணை.

ஆனால் எத்தனை இடத்துக்கு முழுமையாக்குகிறோம் என்பதில் நிதானம் வேண்டும், ஏனென்றால் இதே `ROUND` இல்லாத சமனையும் உண்டாக்கிவிடும். மூன்று நடுவர்கள் போட்ட மதிப்பெண்களின் சராசரியை எடுத்தால் ஒருவரின் கூட்டல் 25.0, இன்னொருவருடையது 24.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 8.333, 8.267. ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் இரண்டும் 8.3, உண்மையிலேயே முந்தியவரின் இடத்தை இன்னொருவருக்கும் பங்கு போட்டுவிடுவோம், அது பெரிய அநியாயம். அங்கே 6 இடம் வரை விடலாம், இல்லையென்றால் சராசரியை விட்டுவிட்டுக் கூட்டலை வைத்தே ரேங்க் போடலாம். நான் கூட்டலைத்தான் விரும்புவேன், போட்டியாளர் கையால் கூட்டிப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளலாம்.

திருத்தியதை அனுப்பும் முன் ஒருங்கிணைப்பாளரிடம் காட்டினேன். அவர் கேட்டது வேறு. "2, 2, அப்புறம் 4 இருக்கிறதே, 3 எங்கே போனது?" 104-க்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் அவர் நான்காவது என்று விளக்கினேன். `RANK.EQ` கொடுப்பது எப்போதும் இந்த முறைதான், எனக்கு முன்னால் எத்தனை பேர், அதோடு ஒன்று. இடைவெளி இல்லாமல் 1, 2, 2, 3 என்று வேண்டுமானால் அதற்கென்று தனி ஃபார்முலா இல்லாததால் இப்படிப் போட வேண்டியிருக்கிறது:

```
=SUMPRODUCT((D$2:D$9>D2)/COUNTIF(D$2:D$9,D$2:D$9))+1
```

பார்க்கப் பயமாக இருந்தாலும் வேலை எளிது. நம்மை விட அதிகம் வாங்கிய ஒவ்வொருவரையும், அதே மதிப்பெண்ணை எத்தனை பேர் வாங்கினார்களோ அத்தனையால் வகுத்துக் கூட்டுகிறது. 4.2 வாங்கிய இரண்டு பேரும் ஆளுக்கு அரை, சேர்ந்து ஒன்று. 104-க்கு மேலே 4.6-க்கு ஒன்று, 4.2-க்கு ஒன்று, ஆக அவர் மூன்றாவது. D-யில் ஒரு செல் காலியாக இருந்தால் பூஜ்யத்தால் வகுக்கப் போய் எல்லா வரிசையிலும் #DIV/0! வந்துவிடும், அதனால் பகுதியைச் சரியாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டையும் காட்டி, எதுவானாலும் விதியாக முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது, இப்போது மதிப்பெண்ணைப் பார்த்தபின் மாற்றினால் யாருக்காக மாற்றினோம் என்ற கேள்வி வரும் என்றேன். ஏற்கெனவே அனுப்பிய பட்டியலில் 2, 2, 4 என்றுதான் இருந்தது, அதையே வைத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு நண்பர், `RANK.EQ` முடிவோடு `COUNTIF(D$2:D2,D2)-1` என்று கூட்டினால் யாருக்கும் ஒரே இடம் வராது, வேலை சுலபம் என்றார். உண்மைதான், வராது. ஆனால் அது சமனை உடைப்பது பட்டியலில் யார் மேலே இருக்கிறார் என்பதை வைத்து. ரேங்க்கை வைத்து இன்னொரு தாளில் பெயர்களைத் தேடி எடுக்கும்போது அது உதவும். முடிவாக அறிவிக்கும் இடத்தில் அதைப் போட்டால் 101-க்கு 2, 106-க்கு 3 என்று பதிவு எண்தான் இடத்தைத் தீர்மானிக்கும்.

கடைசியாக, பகிர்ந்த இடம் என்பது பார்த்தவுடன் தெரியட்டும் என்று F-இல் இதைச் சேர்த்தேன்:

```
=IF(COUNTIF(E$2:E$9,E2)>1,E2&" (சமம்)",E2)
```

E-யில் வெறும் எண், F-இல் பார்வைக்கு. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் வைக்காததற்குக் காரணம் உண்டு, "2 (சமம்)" என்று ஆனவுடன் அது எழுத்து, எண் இல்லை. இடவாரியாக அடுக்கினால் எக்செல் எண்களை எல்லாம் முதலில் வைத்துவிட்டு எழுத்துகளைக் கீழே தள்ளும், இரண்டாம் இடத்தில் இருப்பவர்கள் 8-க்குக் கீழே போய்விடுவார்கள். அதனால் அடுக்குவது எப்போதும் E-யை வைத்து, அனுப்பும்போது E-யை மறைத்துவிட்டு F மட்டும்.

அன்றிரவே திருத்திய பட்டியல் போனது. 105-க்குத் தனியாக எழுதி, மன்னிப்பும் கேட்டு, `=(D4-D6)` விடையையும் படம் பிடித்து அனுப்பினேன். "அப்போ 103 என்னை விட 0.000000000000000444 கூடுதல், அவ்வளவுதானே" என்று பதில் வந்தது. அதுவும் இல்லை, இரண்டு பேருக்கும் 3.3, இரண்டு பேரும் 5 (சமம்) என்று எழுதினேன்.