பவர் பத்திரத்தில் ‘நான்’ யார்?

வக்கீல் அலுவலகத்தில் என் வேலை, டைப் ஆகி வரும் ஆவண வரைவுகளைச் சரிபார்ப்பது. கிரயம், தானம், பாகப்பிரிவினை, பவர் என்று எல்லாம் வரும். அதில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது பவர் பத்திரத்துக்குத்தான், அதாவது தன் சார்பில் செயல்பட ஒருவர் இன்னொருவரை ஏஜென்டாக நியமித்து அதிகாரம் கொடுக்கும் பத்திரத்துக்கு. பவர் கொடுப்பவர் பெரும்பாலும் ஊரில் இருக்கமாட்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவார். அதன்பிறகு ஒரு எழுத்து தப்பு என்று தெரிந்தாலும், பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு அவரே மறுபடி கையெழுத்துப் போட்டாக வேண்டும். தன் அதிகாரத்தில் இருக்கும் பிழையை ஏஜென்ட் தானே திருத்திக்கொள்ள முடியாது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் பத்திரம் இப்படி வந்தது. கல்யாணத்துக்கு முன்பு அவர் பெயரில் வாங்கிய வீட்டுமனையை விற்க, உடன்பிறந்த தம்பிக்குப் பவர் கொடுக்கிறார். விடுமுறை முடிவதற்குள் பதிவாக வேண்டும். வரைவை ஒரு தடவை படித்தால் எங்கும் இடறாது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் வரைவை முதலில் படிப்பதில்லை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு வரைபடம், அடையாள அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் வரைவில் பென்சிலால் குறித்துக்கொண்டே வருவோம். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வோம். ‘நூற்று நாற்பத்திரண்டு’ என்று சேர்த்துப் படித்தால், காது கேட்க நினைத்ததைத்தான் கேட்கும்.

முதலில் பெயர். இங்கே பெயர்களை மாற்றித்தான் சொல்கிறேன். தாய்ப்பத்திரத்தில் ‘முத்துலட்சுமி, த/பெ’ என்று அப்பா பெயர். பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் ‘முத்துலெட்சுமி’, கூடவே கணவர் பெயர். வரைவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மட்டும் இருந்தது. இன்றைய அடையாள அட்டைதானே சரி என்று தோன்றும். ஆனால் நாளைக்கு மனையை வாங்குபவரின் வக்கீல் வில்லங்கத்தில் தேடும்போது, அங்கே சொத்துக்காரராக இருப்பது அப்பா பெயரோடு உள்ள முத்துலட்சுமி. பவர் கொடுத்தவர் வேறு ஆளா என்ற கேள்வி எழும். அதனால் இரண்டையும் இணைத்து எழுத வேண்டும்: இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான முத்துலட்சுமி என்கிற முத்துலெட்சுமி. சொத்து எப்படிக் கிடைத்தது என்று சொல்லும் பத்தியில், தாய்ப்பத்திரத்தில் தன் பெயர் எப்படி இருக்கிறது என்றும், இரண்டு பெயரும் தன்னையே குறிக்கும் என்றும் ஒரு வாக்கியம் சேர்த்தோம். கல்யாணப் பதிவுச் சான்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டோம்.

அடுத்து சொத்து விவரம். தாய்ப்பத்திரத்தில் சர்வே எண் 142/2ஏ. பிறகு உட்பிரிவு ஆகி, பட்டாவில் 142/2ஏ5. வரைவில் பழையது மட்டும் இருந்ததால், ‘தற்போதைய உட்பிரிவு எண்’ என்று புதியதையும் சேர்க்கச் சொன்னேன். பரப்பு 2400 சதுர அடி. அடைப்புக்குறிக்குள் 232 சதுர மீட்டர் என்று இருந்தது. 2400-ஐ 10.764-ஆல் வகுத்தால் 223 வரும். இலக்கம் இடம் மாறியிருக்கிறது. இந்த மாதிரிப் பிழை கால்குலேட்டரில் ஒரு நிமிடத்தில் அகப்பட்டுவிடும்.

அகப்படாமல் தப்பிப்பது செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம்தான். நம் பழைய பத்திரங்கள் எல்லையைச் சொல்லும் விதம் தெரியுமே: ‘மனை எண் 17-க்குத் தெற்கு, 19-க்கு வடக்கு, தென்வடல் சாலைக்கு மேற்கு, 25-க்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள மனை எண் 18.’ அதாவது நம் மனைக்கு வடக்கே 17, தெற்கே 19, கிழக்கே சாலை, மேற்கே 25. புது வரைவுகளில் ‘வடக்கில், தெற்கில்’ என்று நான்கு வரியாகப் போடுகிறார்கள். பழையதைப் புதிதாக மாற்றும்போது, ‘17-க்குத் தெற்கு’ என்பதைப் பார்த்து ‘தெற்கில்: மனை எண் 17’ என்று அடித்துவிடுவார்கள். இந்த வரைவிலும் நான்கு எல்லையும் அப்படித் தலைகீழாகியிருந்தன. சாலை மேற்கே போய்விட்டது.

சாலையை வைத்து நான் வழக்கமாக ஒரு சோதனை செய்வேன். கிழமேல் சாலை என்றால் அது மனைக்கு வடக்கிலோ தெற்கிலோதான் இருக்க முடியும். தென்வடல் சாலை கிழக்கிலோ மேற்கிலோ இருக்கும். ஆனால் நான்கும் ஒரே சமயத்தில் புரண்டால் இந்தச் சோதனை கைகொடுக்காது. தென்வடல் சாலை மேற்கில் இருப்பதும் சாத்தியம்தானே? அளவுகளும் பொருந்தும்: கிழமேல் 60 அடி, தென்வடல் 40 அடி, எப்படித் திருப்பினாலும் 2400. வரைபடத்தை வடக்கு மேலே வருமாறு வைத்து, மனை எண் 18 மேல் விரலை வைத்து, சுற்றிலும் பார்த்தால்தான் தெரியும். சர்வே எண்ணோ பரப்போ எல்லையோடு முரண்பட்டால், பொதுவாக நீதிமன்றங்கள் எல்லைக்கே முன்னுரிமை கொடுக்கும். அதனால் இந்த நான்கு வரிக்கு நான் எவ்வளவு நேரமும் செலவழிப்பேன்.

மூன்றாவது, எழுதிக் கொடுப்பவரைக் குறிக்கும் சொல். இந்த வரைவு, முன்பு ஒரு கணவன் மனைவி சேர்ந்து கொடுத்த பவரின் மேல் அடித்தது. ‘நாங்கள்’ எல்லாம் ‘நான்’ ஆகியிருந்தது. ஆனால் ‘எங்களுக்குப் பாத்தியப்பட்ட’ அப்படியே இருந்தது. ‘சம்மதிக்கிறோம்’ என்ற வினைமுற்றும் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. ஒரு சொல்லைத் தேடி மாற்றினால் தமிழில் போதாது. விகுதியிலும் ஆள் இருக்கிறார். ‘எங்க’ என்று ஒரு முறையும் ‘றோம்’, ‘வோம்’ என்று தனித்தனியாகவும் தேட வேண்டும்.

அதைவிடப் பெரியது, விற்பனைத் தொகை பற்றிய ஷரத்து. அது வேறொரு மாதிரியிலிருந்து வந்திருக்க வேண்டும், படர்க்கையில் இருந்தது: ‘மேற்படி முகவர் கிரயத்தொகையைப் பெற்று, தன் வங்கிக் கணக்கில் செலுத்தி…’ இந்த வாக்கியத்தின் எழுவாய் முகவர். அப்படியானால் ‘தன்’ என்பது தம்பியின் கணக்கு. பவர் பத்திரத்தை நீதிமன்றம் கறாராகத்தான் படிக்கும். எழுதாத அதிகாரத்தை ஊகித்துத் தராது, எழுதியதை இல்லை என்றும் சொல்லாது.

அம்மாவிடமே கேட்டுவிடுங்கள் என்றார் சீனியர். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பது சங்கடம்தான். நான் ஷரத்தை மட்டும் வாசித்துவிட்டு, “பணம் யார் கணக்குக்குப் போகணும்மா?” என்றேன். அவர் யோசிக்கவே இல்லை. “என் என்.ஆர்.ஓ. கணக்குக்குத்தான்” என்றார். வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கு அது. தம்பியும், “அக்கா கணக்குக்கே போகட்டும் சார், எனக்கும் அதுதான் நல்லது. நாளைக்கு வரிக்காரன் என்னைக் கேட்கமாட்டான் பாருங்க” என்றார்.

ஷரத்தை ‘மேற்படி கிரயத்தொகை முழுவதையும் எனது பெயரில் உள்ள என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் மட்டுமே முகவர் செலுத்தச் செய்ய வேண்டியது’ என்று மாற்றி, கணக்கு எண்ணையும் போட்டோம். அப்புறம் பத்திரம் முழுவதிலும் அந்த அம்மா ‘நான்’, தம்பி ‘எனது முகவர்’ என்று மட்டுமே வருமாறு ‘மேற்படியார்’, ‘அன்னார்’, ‘அவர்’ எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். திருத்திய பிரதி வந்ததும் சொத்து விவரத்தை மறுபடி மூலத்தோடு ஒப்பிட்டோம். சாலை கிழக்குக்கு வந்திருந்தது. பரப்பு 223 ஆகியிருந்தது. புதிய உட்பிரிவு எண்ணில் மட்டும் கடைசி 5 விட்டுப்போயிருந்தது. அதையும் சேர்த்த பிறகுதான் முத்திரைத்தாளில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன்.