ஆடி மாத ஸ்குவாட்டும் ஒரு வார டீலோடும்

பழைய வண்ணாரப்பேட்டையில், மாடியில் தகர ஷீட் போட்ட ஜிம் ஒன்றில் நாலு வருஷமாக எடை தூக்குகிறேன். வாரம் நாலு நாள். திங்கள் ஸ்குவாட், செவ்வாய் பெஞ்ச் பிரஸ், வியாழன் டெட்லிஃப்ட், சனி தோளும் முதுகும். சேர்ந்த களைப்பு இறங்க ஒரு வாரம் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதுதான் டீலோட். இந்த நாலு வருஷத்தில் அந்தப் பெயரில் மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். முதல் இரண்டும் சொதப்பல். மூன்றாவது, போன ஆடியில் செய்தது, சரியாக வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை டீலோட் என்றால் ஓய்வு என்று நினைத்து ஒரு வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. திரும்பி வந்த திங்கட்கிழமை கம்பியைத் தோளில் வைத்ததும் யாரோ ஒருவரின் உடம்பை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. எடையைத் தூக்கிவிட்டேன், ஆனால் கால் வைக்கும் இடம், மூச்சுப் பிடிப்பு எல்லாம் தடுமாறின. அடுத்த இரண்டு நாள் தொடைவலியில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

இரண்டாவது தடவை நேர் எதிர். எடையைப் பாதியாக்கிவிட்டேன். ஆனால் லேசாக இருக்கிறதே என்று செட்டுக்கு ஐந்து ரெப், அதாவது ஐந்து முறை தூக்கி இறக்குவதற்குப் பதில் இருபது, கூடவே இரண்டு செட் அதிகம், கடைசியில் கொஞ்சம் பர்பீஸ் வேறு. வாரக் கடைசியில் முன்பைவிடக் களைப்பாக இருந்தேன். களைப்பு எடையிலிருந்து மட்டும் வருவதில்லை, செய்கிற மொத்த வேலையிலிருந்து வருகிறது என்பது எனக்கு உறைக்க அந்த வாரம் தேவைப்பட்டது.

இப்போது போன ஆடிக்கு வருகிறேன். ஜூலை முதல் வாரம் ஸ்குவாட்டை 100 கிலோவில் ஆரம்பித்தேன். ஐந்து செட், செட்டுக்கு ஐந்து ரெப். வாரம் 2.5 கிலோ ஏற்றம். நாலாவது வாரம் 107.5 கிலோவில் ஐந்து செட்டும் முடிந்தது, கடைசி ரெப் மட்டும் கொஞ்சம் முனகலோடு. ஐந்தாவது வாரம் 110. நோட்டில் எழுதியிருப்பது: 5, 5, 5, 4, 4.

அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம் கண்ணெதிரே இருந்தது. எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளி இரவிலிருந்து என் ஜன்னலுக்கு நேர் எதிரே குழாய் ஸ்பீக்கர். மூன்று ராத்திரி சேர்த்துப் பார்த்தாலும் ஒரு ராத்திரித் தூக்கம் தேறாது. அப்படித் தூங்கியவன் திங்கட்கிழமை இரண்டு ரெப் குறைவாகத் தூக்கினால் அதில் அதிசயம் என்ன? ஒரு மோசமான நாளுக்காக டீலோட் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இன்னமும் மாற்றுக் கருத்து இல்லை. தூக்கம், சாப்பாடு, தண்ணீர் இதில் ஏதோ ஒன்று கெட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மறுவாரம் பார்க்க வேண்டும்.

மறுவாரம் பார்த்தேன். ஸ்பீக்கர் இறங்கிவிட்டது, தினமும் ஏழு மணி நேரம் தூங்கினேன், சாப்பாட்டிலும் குறையில்லை. அதே 110 கிலோ: 5, 4, 4, 3. ஐந்தாவது செட்டுக்குக் கம்பிக்குக் கீழே போகவே மனசில்லை.

அதைவிட என்னை உறுத்தியது வார்ம் அப். ஒவ்வொரு திங்களும் 80 கிலோவில் மூன்று ரெப் போடுவதை, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து வீடியோ எடுப்பேன். 20 கிலோ கம்பி, பக்கத்துக்கு ஒரு இருபது, ஒரு பத்து. மாறாத எடை, மாறாத இடம், அதனால் ஒப்பிடச் சுலபம். முதல் வார வீடியோவில் மூன்று ரெப்பும் ஏழு விநாடியில் முடிகிறது. ஆறாவது வாரத்தில் பத்து. நடுவில் கம்பி ஒரு கணம் நின்று யோசிக்கிற மாதிரி தெரிகிறது. கடைசி செட்டில் தோற்பது மனசால்கூட நடக்கலாம், ஆனால் வார்ம் அப் எடையே கனத்தால் அது உடம்பில் சேர்ந்துகிடக்கும் களைப்பு. முழங்கை உள்பக்கம் ஒரு மந்தமான வலியும் இருந்தது, கை கழுவும்போது தெரியும். குத்துகிற வலியோ வீக்கமோ இருந்திருந்தால் டீலோடை நம்பியிருக்க மாட்டேன், டாக்டரிடம் போயிருப்பேன்.

ஆக, தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்தும் இரண்டு வாரம் தொடர்ந்து இறக்கம், கூடவே வார்ம் அப் மந்தம். ஏழாவது வாரம் டீலோட் என்று முடிவெடுத்தேன்.

இந்தத் தடவை கணக்கு இப்படி. எடையைப் பத்தில் ஒரு பங்குதான் இறக்கினேன், வேலையைப் பாதிக்கும் மேலே வெட்டினேன். ஸ்குவாட் 100 கிலோ, மூன்று செட், செட்டுக்கு மூன்று ரெப். இருபத்தைந்து ரெப் போடுகிறவனுக்கு மொத்தமே ஒன்பது. பெஞ்ச் பிரஸ் வழக்கமாக 70 கிலோவில் நாலு செட் ஆறு ரெப், அதை 62.5 கிலோவில் இரண்டு செட் நாலு ரெப் ஆக்கினேன். டெட்லிஃப்ட்தான் என்னை அதிகமாக அடிக்கிறது, அதனால் அதில் மட்டும் கூடுதலாக இறக்கி, 140க்குப் பதில் 115, இரண்டு செட், மூன்று ரெப். லெக் எக்ஸ்டென்ஷன், கர்ல் மாதிரியான உதிரிகளை அந்த வாரம் தொடவில்லை. எடை ஓரளவு கனமாகவே இருந்ததால் முதல் தடவை மாதிரி கம்பி அந்நியமாகவில்லை. ரெப் குறைந்ததால் இரண்டாவது தடவை மாதிரி களைப்பும் சேரவில்லை.

நாற்பது நிமிஷத்தில் கிளம்புகிறவனை ஜிம்மில் சும்மா விட மாட்டார்கள். “இன்னாண்ணா, ஒடம்பு சரியில்லையா? அதுக்குள்ள கெளம்பிட்ட?” என்றான் பக்கத்தில் பெஞ்ச் போட்டுக்கொண்டிருந்த தம்பி. அவன் சேர்ந்து ஐந்து மாசம், இன்னும் வாராவாரம் எடை ஏறிக்கொண்டிருக்கிறது. “உனக்கு இப்போ இது தேவையில்லடா, ஏறுறவரைக்கும் ஏத்து” என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அம்மாவின் கணக்கு வேறு: “சும்மாதானே போய்ட்டு வர்ற, அப்புறம் நாலு முட்டை எதுக்கு?” முட்டையைக் குறைக்கவில்லை. உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிற வாரத்தில் சாப்பாட்டில் கை வைத்தால் டீலோட் எடுத்ததே வீண்.

உண்மையான சோதனை வியாழக்கிழமை வந்தது. 115 கிலோ தரையிலிருந்து கிளம்பிய வேகத்தைப் பார்த்ததும் கை அரித்தது, ஒரே ஒரு செட் 140 போட்டுப் பார்க்கலாமே என்று. முன்பு ஒரு தடவை இப்படித்தான் கெடுத்துக்கொண்டேன். பிளேட்டுகளைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டேன்.

எட்டாவது வாரம் 110க்கு நேராகப் போகவில்லை, 107.5 வைத்தேன். ஐந்து செட்டும் முழுசாக. 80 கிலோ வீடியோ மறுபடி ஏழு விநாடிக்கு வந்திருந்தது. அடுத்த திங்கள் 110, ஐந்து ஐந்தாக இருபத்தைந்தும். அதற்கடுத்த வாரம் 112.5இல் கடைசி செட் மட்டும் நாலு. அந்த ஒரு வாரத்தில் எனக்குப் புதுசாகப் பலம் வந்துவிட்டதாக நினைக்கவில்லை. ஆறு வாரத்தில் சேர்த்தது உள்ளேதான் இருந்தது, மேலே களைப்பு மூடியிருந்தது.

தேதி குறித்து டீலோட் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், நாலு வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரத்துக்கு ஒன்று என்று. எனக்கு அது ஒத்துவரவில்லை, ஏனென்றால் வாழ்க்கையே நடுவில் சில டீலோடுகளைக் கொடுத்துவிடுகிறது. டிசம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்று நாலு நாள் ஜிம் திறக்கவில்லை. நோட்டில் பென்சிலால் குறித்திருந்த டீலோடை அழித்துவிட்டு, அடுத்த திங்கள் நேராக முழு எடைக்கே போனேன், வழக்கத்தைவிட ஒரு செட் மட்டும் குறைத்து.